ஒன்பது புள்ளிகளும் மூன்று அலைகளும்

நீளமான ஓர் உலோகக் குழாய். அதன் குறுக்குவெட்டு சதுரம். அடிச்சுவரும் இரண்டு பக்கச் சுவர்களும் பூமியோடு இணைக்கப்பட்டிருப்பதால் அவற்றின் மின்னழுத்தம் பூஜ்யம். மேல்மூடி மட்டும் மற்ற மூன்றையும் தொடாமல் தனியாக நிற்கிறது. அதில் 100 வோல்ட். உள்ளே வெற்றிடம். குழாய்க்குள் எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கும்?

மூடிக்குப் பக்கத்தில் அதிகம், அடியில் குறைவு என்பது யாருக்கும் தெரியும். எவ்வளவு என்று சொல்வதற்குத்தான் சமன்பாடு வேண்டும். உள்ளே மின்னூட்டம் எதுவும் இல்லையென்றால் அது லாப்லாஸ் சமன்பாடு. இருந்தால் பாய்சான் சமன்பாடு. சூத்திரத்தைப் பார்த்தால் மிரட்சியாக இருக்கும். ஆனால் அது சொல்லும் செய்தி எளிமையானது: மின்னூட்டம் இல்லாத இடத்தில், ஒரு புள்ளியின் மின்னழுத்தம் அதைச் சுற்றியுள்ள மின்னழுத்தங்களின் சராசரியாக இருக்கும்.

கணினிக்குக் கொடுப்பதற்காகச் சதுரத்தின் மேல் கட்டம் போடுகிறோம். கோடுகள் வெட்டும் இடங்களில் மட்டும் மின்னழுத்தத்தைக் கேட்கிறோம். அப்போது விதி இன்னும் எளிதாகிறது: ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் மேலே, கீழே, இடத்தில், வலத்தில் உள்ள நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரி. வேறு விதமாகச் சொன்னால், புள்ளியின் மதிப்பை 4 ஆல் பெருக்கி, நான்கு அண்டைகளையும் கழித்தால் பூஜ்யம். உள்ளே மின்னூட்டம் இருந்தால் பூஜ்யத்துக்குப் பதிலாக அதற்கேற்ற ஓர் எண் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நான்காகப் பிரித்தால் உள்ளே மூன்று வரிசையில் ஒன்பது புள்ளிகள் கிடைக்கும். தெரியாத எண்கள் ஒன்பது, சமன்பாடுகளும் ஒன்பது. பள்ளியில் படித்தபடி ஒவ்வொன்றாக நீக்கித் தீர்த்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் எந்தச் சமன்பாடும் தனியாக நிற்பதில்லை. முதல் புள்ளி தெரிய வேண்டுமானால் இரண்டாவது தெரிய வேண்டும். இரண்டாவதற்கு மூன்றாவதும் ஐந்தாவதும் தெரிய வேண்டும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும். ஒன்பதுக்கு இது பரவாயில்லை. பக்கத்துக்கு 1,000 புள்ளிகள் வைத்தால் தெரியாத எண்கள் பத்து லட்சம். நீக்கல் முறையில் வரிசையாகத் தீர்த்துக்கொண்டு போனால் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி பெருக்கல்கள் தேவைப்படும். நடுவில் சேர்த்துவைக்க வேண்டிய எண்கள் மட்டும் 100 கோடி வரை போகும்; அதற்கே 8 ஜிகாபைட் நினைவகம் வேண்டும்.

வேறொரு வழியும் உண்டு. எல்லாப் புள்ளிகளுக்கும் ஏதோ ஒரு மதிப்பை ஊகித்துவைத்து, ஒவ்வொரு புள்ளியையும் அதன் அண்டைகளின் சராசரியாக மாற்றிக்கொண்டே, மதிப்புகள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் சுற்றி வருவது. எழுதுவதற்குச் சுலபம் என்பதால் மாணவர்கள் முதலில் கற்பது இதுதான். ஆனால் கட்டம் நுணுக்கமாக ஆக ஆகச் சுற்றுகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும்: பக்கத்துக்கு இரண்டு மடங்கு புள்ளி வைத்தால் சுற்றுகள் நான்கு மடங்கு.

1960களில் இந்த இரண்டு வழிகளும் போதாது என்ற நிலை ஒரு குறிப்பிட்ட வேலையில் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஹாக்னி என்ற ஆய்வாளர் பிளாஸ்மாவைக் கணினிக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஆயிரக்கணக்கில் நகர்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து மின்னழுத்தம் அமைகிறது; அந்த மின்னழுத்தம்தான் அடுத்த கணம் அவை எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே, ஒவ்வொரு சிறு காலடிக்கும் பாய்சான் சமன்பாட்டை முதலிலிருந்து தீர்க்க வேண்டும். ஒரு தடவை தீர்ப்பதற்குப் பத்து விநாடி என்றால், ஆயிரம் காலடிக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

1965 ஜனவரியில் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தக் கணக்கை மாற்றியது. 48க்கு 48 கட்டத்தில், ஐபிஎம் 7090 கணினியில், அவருடைய முறை 0.9 விநாடியில் விடையைக் கொடுத்தது. அன்றைக்கு இருந்த சிறந்த சுற்றுமுறைக்கு அதே கணக்கில் சுமார் 10 விநாடி பிடிக்கும் என்று அவரே ஒப்பிட்டுக் காட்டினார். அதோடு, சுற்றுமுறையில் விடையை மெல்ல நெருங்குகிறோம். இதில் அந்த நெருங்குதலே கிடையாது. ஊகம் வேண்டாம், எப்போது நிறுத்துவது என்ற கேள்வி வேண்டாம். கட்டத்துச் சமன்பாடுகளுக்கு நேரடியாக விடை வந்துவிடும்.

அந்த முறையின் உயிர்நாடியை நம் ஒன்பது புள்ளிகளிலேயே முழுவதுமாகப் பார்த்துவிடலாம். ஹாக்னியின் கட்டுரையில் வேறு சில நுட்பங்களும் சேர்ந்திருந்தன. ஜீன் கோலப் தந்த ஒரு நீக்கல் உத்தியும் அதில் உண்டு. அவற்றை விட்டுவிட்டு மையக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டு முனையும் கட்டப்பட்ட வீணைத் தந்தியை மீட்டினால் அது சில வடிவங்களில்தான் அதிர முடியும். ஒரே மேடாக எழும்புவது ஒன்று. நடுவில் அசையாப் புள்ளி வைத்து இரண்டாகப் பிரிந்து அதிர்வது இன்னொன்று. மூன்றாகப் பிரிந்து அதிர்வது மற்றொன்று. இவை சைன் அலைகள். நம் வரிசையில் மூன்று புள்ளிகளே இருப்பதால் மூன்று அலைகளே போதும். அவற்றின் மதிப்புகள் இவை:

```
முதல் அலை       0.707    1    0.707
இரண்டாம் அலை     1       0     -1
மூன்றாம் அலை    0.707   -1    0.707
```

முதல் அலையை எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் இடது, வலது அண்டைகளைக் கூட்டிப் பாருங்கள். முதல் புள்ளிக்கு இடப்பக்கம் சுவர், அங்கே பூஜ்யம், வலப்பக்கம் 1. கூட்டினால் 1. நடுப்புள்ளிக்கு 0.707 + 0.707, அதாவது 1.414. கடைசிப் புள்ளிக்கு மறுபடியும் 1. கிடைத்தது 1, 1.414, 1. இது முதல் அலையையே 1.414 ஆல் பெருக்கியதுதான். வடிவம் சிறிதும் கலையவில்லை. இரண்டாம் அலைக்குச் செய்தால் மூன்று இடத்திலும் பூஜ்யம் வரும். அதாவது அந்த அலையின் பூஜ்ய மடங்கு. மூன்றாம் அலைக்கு -1, 1.414, -1 வரும். அது அந்த அலையின் -1.414 மடங்கு.

முறை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. அண்டைகளைக் கூட்டும் செயல் ஒரு சைன் அலையை வேறொரு அலையாக மாற்றுவதில்லை, ஓர் எண்ணால் பெருக்குகிறது. அதனால் ஒரு வரிசைக்குள் 'இடது, வலது' என்று புள்ளிகளைப் பின்னியிருந்த முடிச்சு அலைகளின் கணக்கில் காணாமல் போகிறது. இது தோராயமும் அல்ல. சுவரில் மதிப்பு பூஜ்யம், புள்ளிகளுக்கிடையே சம இடைவெளி என்ற இரண்டும் இருந்தால் எத்தனை புள்ளி வைத்தாலும் துல்லியமாக உண்மை.

இனி கணக்கைப் போடுவோம். மூடியின் 100 வோல்ட், மேல்வரிசைப் புள்ளிகள் மூன்றுக்கும் அண்டையாக இருக்கிறது. தெரிந்த எண் என்பதால் அதைச் சமன்பாட்டின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோகிறோம். மேல்வரிசையின் வலப்பக்கம் 100, 100, 100 ஆகிறது. மற்ற இரண்டு வரிசைகளுக்கும் பூஜ்யம். சுவர்களில் எல்லாம் பூஜ்யம் என்ற நிபந்தனை இப்படித்தான் கைக்கு வருகிறது.

அடுத்து 100, 100, 100 என்பதை மூன்று அலைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் அலையின் மதிப்பால் பெருக்கிக் கூட்டி, 2/4 ஆல் பெருக்கினால் அந்த அலையின் பங்கு கிடைக்கும். இந்த 4 என்பது புள்ளிகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டியது. முதல் அலைக்கு 120.7, இரண்டாவதற்குப் பூஜ்யம், மூன்றாவதற்கு 20.7. சரிபார்ப்பதும் சுலபம்: நடுப்புள்ளியில் 120.7 - 20.7 = 100; ஓரப்புள்ளியில் 0.707 × (120.7 + 20.7) = 100. இந்தப் பிரிக்கும் வேலைக்குத்தான் சைன் உருமாற்றம் என்று பெயர்.

இரண்டாம் அலைக்குப் பங்கே இல்லை, அதை மறந்துவிடலாம். முதல் அலைக்கு வருவோம். சமன்பாட்டில் புள்ளி 4 ஆல் பெருக்கப்படுகிறது, அதிலிருந்து இடவல அண்டைகள் கழிக்கப்படுகின்றன. அந்த அண்டைகளின் கூட்டுத்தொகை 1.414 மடங்கு என்று இப்போதுதான் கண்டோம். ஆகவே 4 - 1.414 = 2.586. மிச்சமிருப்பது மேலும் கீழும் மட்டும். முதல் அலை மூன்று வரிசைகளிலும் எவ்வளவு உயரம் என்ற மூன்று எண்கள். ஒவ்வொன்றும் மேலே உள்ளதோடும் கீழே உள்ளதோடும் மட்டுமே கோத்த ஒரு சங்கிலி. ஒன்பதும் ஒன்பதும் பின்னிக் கிடந்த இடத்தில் இப்போது இருப்பவை ஒன்றையொன்று அறியாத மூன்று சிறு சங்கிலிகள்.

சங்கிலியை அவிழ்க்க அதிக நேரம் ஆகாது. அடி வரிசையின் உயரத்தை ஓர் அலகு என்று வைத்தால், அதன் சமன்பாடு நடுவரிசையை 2.586 அலகு என்கிறது. நடுவரிசையின் சமன்பாடு மேல்வரிசையை 2.586 × 2.586 - 1 = 5.686 என்கிறது. மேல்வரிசையின் சமன்பாடு 2.586 × 5.686 - 2.586 = 12.118 அலகு என்பது 120.7க்குச் சமம் என்கிறது. எனவே ஓர் அலகு 9.96. முதல் அலையின் உயரங்கள் மேலிருந்து கீழாக 56.64, 25.76, 9.96. மூன்றாம் அலைக்குப் பெருக்கும் எண் 4 + 1.414 = 5.414. அதே வழியில் போனால் உயரங்கள் 3.97, 0.76, 0.14.

கடைசியாக, அலைகளைத் திரும்பக் கூட்ட வேண்டும். மேல்வரிசை நடுப்புள்ளி 56.64 - 3.97, ஓரப்புள்ளி 0.707 × (56.64 + 3.97). இப்படி ஒன்பதும் வந்துவிடும்:

```
42.86   52.68   42.86
18.75   25.00   18.75
 7.14    9.82    7.14
```

நடுப்புள்ளியில் 25 வந்திருப்பதைக் கவனியுங்கள். நான்கு சுவர்களிலும் 100 வோல்ட் இருந்தால் உள்ளே எங்கும் 100தான் இருக்கும். நடுப்புள்ளி நான்கு சுவர்களிலிருந்தும் சமதூரத்தில் இருப்பதால் ஒரு சுவரின் பங்கு அதில் கால்வாசி. அந்த 25 வேறு எந்தக் கணக்கும் இல்லாமல் நம் விடைக்குச் சாட்சி சொல்கிறது.

அந்த உயரங்களை இன்னொரு தடவை பார்க்கலாம். முதல் அலை ஒவ்வொரு வரிசை இறங்கும்போதும் பாதிக்கும் கீழே குறைகிறது. மூன்றாம் அலையோ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மின்னழுத்தத்தின் குணமே இதுதான்: சுவரில் உள்ள நெளிவு எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு சீக்கிரம் அது உள்ளே போகப் போக அழிந்துவிடும். அலைகளாகப் பிரித்ததால் இது எண்களிலேயே தெரிகிறது. இந்த முறையை நான் விரும்புவதற்கு வேகத்தைவிட இது பெரிய காரணம்.

பெரிய கட்டத்திலும் இதே படிகள்தான். வரிசைக்கு n புள்ளிகள் இருந்தால் k-ஆவது அலைக்கான சங்கிலி எண் 4 - 2cos(kπ/(n+1)). மின்னூட்டம் இருந்தால் எல்லா வரிசைகளின் வலப்பக்கத்தையும் அலைகளாகப் பிரிக்க வேண்டும், வேறு மாற்றமில்லை. சங்கிலியை அவிழ்ப்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. நாம் கையால் செய்தது போல அடியிலிருந்து அலகு வைத்து ஏறிக்கொண்டே போனால், நுணுக்கமான அலைகளில் எண் ஒவ்வொரு வரிசைக்கும் ஏறக்குறைய 5.8 மடங்கு பெருகும். நானூறு வரிசையைத் தாண்டியதும் சாதாரணக் கணினி எண் கொள்ளும் அளவை மீறிவிடும். மேலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு இறங்கி, பிறகு கீழிருந்து மதிப்புகளைப் போட்டுக்கொண்டு ஏறுவதுதான் பாதுகாப்பான வழி.

செலவு எவ்வளவு? ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டத்தில் சங்கிலிகள் எல்லாவற்றையும் அவிழ்க்க ஒரு கோடிக் கணக்குச் செயல்களே போதும். அலைகளாகப் பிரிப்பதைப் பாமரமாகச் செய்தால் ஒரு வரிசைக்குப் பத்து லட்சம் பெருக்கல், மொத்தம் 100 கோடி. திரும்பக் கூட்டுவதற்கு இன்னொரு 100 கோடி. இதுவே லட்சம் கோடியோடு ஒப்பிட்டால் ஐந்நூறில் ஒரு பங்கு. ஹாக்னி 48 என்ற எண்ணில் உள்ள சமச்சீரைப் பயன்படுத்தி இதை மேலும் குறைத்திருந்தார். அதே 1965இல் ஏப்ரலில் கூலியும் டியூக்கியும் அதிவேக ஃபூரியே உருமாற்றத்தை வெளியிட்டார்கள். அதைச் சேர்த்தால் இரு திசை உருமாற்றங்களும் பத்துக் கோடிச் செயல்களுக்குள் அடங்கிவிடும். இன்றைய மடிக்கணினிக்கு அது ஒரு விநாடி வேலைகூட அல்ல.

அந்த வேகம் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கணினிக்காரர்கள் 1,024 என்ற எண்ணைக் கண்டால் உடனே தேர்ந்தெடுப்பார்கள். இங்கே அது பொருந்தாது. உருமாற்றத்தின் நீளத்தை முடிவு செய்வது n அல்ல, n+1. உள்ளே 1,023 புள்ளிகள் வைத்தால் 1,024 கிடைக்கும்; அது இரண்டுகளாகவே பிரியும். 1,030 புள்ளிகள் வைத்தால் கிடைப்பது 1,031 என்ற பகா எண். அதைப் பிரிக்கவே முடியாது, வேகமும் குறையும்.

தவறுகளில் மிகவும் ஏமாற்றுவது வேறொன்று. பாடப்புத்தகத்தில் தொடர்ச்சியான அலைகளுக்குச் சொல்லப்பட்ட எண்ணை இங்கே கொண்டுவந்து வைப்பது. கட்டத்துக்குரிய எண் 2 - 2cos(kπ/(n+1)); புத்தகத்து எண் கட்ட அளவில் (kπ/(n+1))². நம் முதல் அலைக்கு 0.586, 0.617 என்று இரண்டும் பக்கத்தில்தான் இருக்கின்றன. மூன்றாம் அலைக்கோ 3.41, 5.55. மின்னழுத்தத்தில் முதல் அலைகளே பெரும்பகுதி என்பதால் படம் வரைந்து பார்த்தால் விடை அழகாகவே தோன்றும். ஆனால் எண்களை எடுத்து நான்கு அண்டைகளின் சராசரியைப் போட்டுப் பார்த்தால் பொருந்தாது. நேர்முறை என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது இலக்கத்திலேயே பொருந்தாத விடை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. விடை முழுவதும் ஒரே மடங்கில் பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால், அந்த 2/(n+1) விட்டுப்போயிருக்கும், அல்லது கட்ட இடைவெளியின் வர்க்கத்தால் மின்னூட்டத்தைப் பெருக்க மறந்திருப்போம்.

சுவரில் மதிப்பு கொடுக்கப்படாமல், அது மின்காப்பாக இருந்தால், சைனுக்குப் பதில் கொசைன் அலைகள் வேண்டும். புள்ளிகள் கட்டத்தின் மூலைகளில் இல்லாமல் அறைகளின் நடுவில் இருந்தால் அலைகள் அரை இடம் நகர வேண்டும். இங்கே ஆளை மாற்றி வைத்தாலும் நிரல் புகார் செய்யாது. தவறான விடையை அதே வேகத்தில் கொடுக்கும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. அறையின் ஒரு மூலை வெட்டப்பட்டு எழுத்து 'ட' போல் ஆகிவிட்டால், ஒரு வரிசை நீளமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே அலைகள் பொருந்தாது. நடுவில் ஒரு கம்பி நின்றாலும் அப்படித்தான். உள்ளே நிரம்பிய பொருள் இடத்துக்கு இடம் மாறினாலும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து சங்கிலிகள் மறுபடி பின்னிக்கொள்ளும். ஆனால் பொருள் அடுக்கடுக்காக, உயரத்துக்கு உயரம் மட்டும் மாறினால் கவலையில்லை. ஒவ்வொரு வரிசையும் தனக்குள் சீராக இருப்பதால் அலைகள் கலையாது. சங்கிலியின் எண்கள் மட்டும் வரிசைக்கு வரிசை மாறும். செவ்வகத்தை விட்டு விலகும் கணக்குகளிலும் இதை முழுக்கக் கைவிடுவதில்லை. சுற்றுமுறையின் ஒவ்வொரு சுற்றிலும் செவ்வகத் தீர்வை ஒரு தடவை ஓட்டினால் சுற்றுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

நீங்களே இதை எழுதிப் பார்ப்பதானால், இன்று பைத்தானில் `scipy.fft` தொகுப்பின் `dst` என்ற கட்டளை, `type=1` என்று கொடுத்து, விடையை n+1 ஆல் வகுத்தால், நாம் மேலே கையால் செய்த பிரித்தலைச் செய்துவிடும். எழுதி முடித்ததும் முதல் சோதனையாகச் சுவர்களில் x² - y² என்ற மதிப்புகளை வைத்து, உள்ளே மின்னூட்டம் இல்லாமல் ஓட்டுங்கள். இந்தச் சார்புக்கு 'நான்கு அண்டைகளின் சராசரி' என்ற விதி எந்தக் கட்டத்திலும் பிழையே இல்லாமல் பொருந்துவதால், உள்ளே வரும் ஒவ்வோர் எண்ணும் x² - y² ஆகவே இருக்க வேண்டும். வித்தியாசம் பன்னிரண்டு இலக்கங்களுக்கு அப்பால்தான் தலைகாட்டலாம். அதற்கு முன்பே தெரிந்தால் நிரலில் பிழை இருக்கிறது. கட்டத்தை நுணுக்கமாக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம்.